ரசீதைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம்

ரசீதில் உள்ள எழுத்தை ஸ்கேன் ஆப் சரியாகப் படிக்க, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தாளை வையுங்கள். போனைத் தாளுக்கு நேர் மேலே, இணையாகப் பிடித்து, சற்று உயர்த்தி 2x ஜூமில் எடுங்கள். நேராக அடிக்கும் ஃபிளாஷ் பளபளப்பான தாளில் பட்டு லென்ஸுக்கே திரும்பும். அந்த இடத்து எழுத்து வெளுத்துப்போகும். ரொம்பக் கிட்டே போனாலோ போனின் நிழல் விழும், ஓரத்து வரிகளும் கோணும். வெள்ளைத் தாளுக்கு அடியில் கறுப்புத் துணி விரித்தால் விளிம்பை ஆப் தானே பிடித்துக்கொள்ளும்.

எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள்: 3-ம் 8-ம் உங்கள் கண்ணுக்கே குழம்பினால் மறுபடி எடுப்பதுதான் வழி.

உலோகத்தில் பொறித்த எண்களுக்கு இந்த மென்மையான வெளிச்சம் போதாது. டார்ச்சைத் தாழ்த்தி ஓரத்திலிருந்து அடித்தால்தான் பள்ளங்களில் நிழல் விழுந்து எண் எழும்பித் தெரியும்.