2×2 அணிகளில் நிரை நிரல் மாற்றின் ஐகென் மதிப்புகள்: படிப்படியாக

ஓர் அணியின் நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதுவதை T என்று அழைப்போம். அதாவது T(A) = Aᵀ. இந்த T-க்கு ஐகென் மதிப்புகள் என்னென்ன?

கேள்வியைப் பார்த்ததும் பலர் "A-க்கும் Aᵀ-க்கும் ஐகென் மதிப்புகள் ஒன்றே" என்ற தேற்றத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். தேற்றம் சரிதான், ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. அங்கே A ஒரு வெக்டர் மீது செயல்படுகிறது. இங்கேயோ A-தான் வெக்டர், அதன் மீது செயல்படுவது T. ஆகவே நாம் தேடுவது Aᵀ = λA என்று அமையும் எண் λ-வையும், பூச்சியமல்லாத அணி A-வையும்.

படி 1: வெளியைப் புரிந்துகொள்வது

மெய்யெண்களாலான 2×2 அணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெக்டர் வெளி. a, b, c, d என்ற நான்கு எண்களையும் நம் விருப்பப்படி தரலாம் என்பதால் அதன் பரிமாணம் 4. (A + B)ᵀ = Aᵀ + Bᵀ, (kA)ᵀ = kAᵀ ஆகிய இரண்டும் உண்மை என்பதால் T ஒரு நேரியல் உருமாற்றம்.

T-ஐ ஒரு 2×2 அணி P-ஆல் பெருக்குவதாக எழுத முடியுமா? எல்லா A-க்கும் PA = Aᵀ என்றால், A-க்குப் பதில் அலகு அணியை இட்டதும் P-யும் அலகு அணி ஆகிவிடும். அப்படியானால் எல்லா அணிகளும் சமச்சீர் அணிகளாக இருந்தாக வேண்டும். அது பொய். நான்கு பரிமாண வெளியின் உருமாற்றத்துக்கு 4×4 அணிதான் பொருந்தும்.

படி 2: λ என்னவாக இருக்க முடியும்?

ஒருமுறை மாற்றியதை மறுபடியும் மாற்றினால் பழைய அணியே வந்துவிடும்: T(T(A)) = A. இப்போது T(A) = λA என்று கொண்டால் T(T(A)) = λ²A. எனவே λ²A = A. A பூச்சிய அணி அல்ல என்பதால் λ² = 1, அதாவது λ = 1 அல்லது λ = −1.

இத்துடன் விடையை முடித்துவிடக் கூடாது. λ² = 1 என்பது இவ்விரண்டைத் தவிர வேறு மதிப்பு வராது என்று மட்டுமே சொல்கிறது. இரண்டும் வந்தே தீரும் என்று அது சொல்லவில்லை. எதையும் மாற்றாமல் விட்டுவிடும் உருமாற்றத்தை இருமுறை செய்தாலும் பழைய அணியே வரும். ஆனால் அதற்கு −1 ஐகென் மதிப்பே இல்லை. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் அணியையாவது கண்டுபிடித்துக் காட்டியாக வேண்டும்.

படி 3: ஐகென் வெக்டர்களைக் காண்பது

A-யின் முதல் நிரை a, b. இரண்டாம் நிரை c, d என்க. Aᵀ-யில் b, c இரண்டும் இடம் மாறும், மற்றவை அசையாது.

λ = 1 எனில் தேவைப்படும் ஒரே நிபந்தனை b = c. இவை சமச்சீர் அணிகள். a, b, d மூன்றையும் விரும்பியபடி தரலாம் என்பதால் இந்த ஐகென் வெளியின் பரிமாணம் 3.

λ = −1 எனில் a = −a, d = −d, c = −b. ஆகவே a = d = 0. எஞ்சுவது b மட்டும், பரிமாணம் 1. இவை எதிர் சமச்சீர் அணிகள். எல்லாமே கீழ்க்கண்ட அணியின் மடங்குகள்:

```
 0  1
-1  0
```

3 + 1 = 4. முழு வெளிக்கும் போதுமான ஐகென் வெக்டர்கள் கிடைத்துவிட்டன. எனவே T-ஐ மூலைவிட்ட அணியாக எழுதலாம். மூலைவிட்டத்தில் 1, 1, 1, −1 இருக்கும்.

படி 4: சரிபார்ப்பது

அணியை (a, b, c, d) என்ற வரிசையில் எழுதினால் T-யின் 4×4 அணி இது:

```
1 0 0 0
0 0 1 0
0 1 0 0
0 0 0 1
```

மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 2; ஐகென் மதிப்புகளின் கூடுதலும் 1 + 1 + 1 − 1 = 2. அணிக்கோவையின் மதிப்பு −1. ஐகென் மதிப்புகளின் பெருக்கற்பலனும் அதுவே. சிறப்பியல்புச் சமன்பாடு (λ − 1)³(λ + 1) = 0. இவற்றில் ஏதேனும் பொருந்தாவிட்டால் படி 3-இல் எங்கோ ஒரு குறி பிசகியிருக்கிறது என்று பொருள்.

எண்களில் ஓர் எடுத்துக்காட்டு

எந்த அணியையும் இரு ஐகென் வெளிகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். (A + Aᵀ)/2 சமச்சீர்ப் பகுதி, (A − Aᵀ)/2 எதிர் சமச்சீர்ப் பகுதி.

```
3 7     3 4      0 3
1 5  =  4 5  +  -3 0
```

T செயல்பட்டால் முதல் பகுதி அப்படியே நிற்கும், இரண்டாவதன் குறி மட்டும் மாறும். 4 − 3 = 1, 4 + 3 = 7; b, c இடம் மாறிவிட்டன. T செய்வது இவ்வளவுதான் என்பதை இந்தப் பிரிப்பு கண்முன் காட்டிவிடுகிறது.

மேலே வகுத்த அந்த 2-ஐயும் கவனியுங்கள். 1 + 1 = 0 என்று அமையும், 0, 1 மட்டுமே கொண்ட எண் தொகுதியில் 2-ஆல் வகுக்க முடியாது. அங்கே −1-உம் 1-உம் ஒன்றே என்பதால் ஐகென் மதிப்பு 1 மட்டும்தான். அதற்குரிய வெளியோ b = c என்ற மூன்று பரிமாண வெளியே. நான்காவது ஐகென் வெக்டர் கிடைக்காததால், அங்கு T-ஐ மூலைவிட்ட அணியாக எழுதவே முடியாது.