மாடி வீட்டு பாத்ரூமை மாற்றும்போது கீழ் வீட்டுக்குத் தொல்லை வராமல் இருக்க

மதுரை அண்ணா நகரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. டைல்ஸ், குழாய், கிளாசெட் எல்லாம் வந்து இறங்கிய பிறகே பழைய பாத்ரூமில் கை வைத்தோம். அதனால் உடைக்கிற சத்தம் இரண்டே நாளில் அடங்கியது.

கீழ் வீட்டு அக்காவிடம் முன்பே கேட்டபோது, "ஒரு மணிலேர்ந்து மூணு வரைக்கும் பாப்பா தூங்கும், அதை மட்டும் விட்ருங்க தம்பி" என்றார். அந்த நேரத்தில் இடிபாடுகளை மூட்டை கட்டி இறக்கினோம்.

முதலில் தரையில் தண்ணீர் போகும் வாயைச் சாக்கால் இறுக்கி அடையுங்கள். காரைத்துண்டு உள்ளே போனால் பொதுக்குழாய் அடைத்து, கீழ் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வரும். பிறகு சுவர் டைல்ஸை மேலிருந்து கீழாக எடுங்கள். பழைய தரை அதுவரை இருக்கட்டும். அதன்மேல் மணல் மூட்டை பரப்பினால் டைல்ஸ் விழும் சத்தம் கீழே அவ்வளவாகக் கேட்காது. தரையைக் கடைசியில், சின்ன சிப்பிங் மிஷினால் மட்டும் பெயர்க்க வேண்டும். பெரிய பிரேக்கர் போட்டால் அதிர்வில் கீழ் வீட்டுக் கூரைப் பூச்சு உதிரலாம்.

குழாய் பதித்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். இரண்டாம் நாள் அக்கா வீட்டுக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தது. குழாயின் கழுத்தை மட்டும் கொத்தி, மறுபடி அடைத்துப் பூசி, திரும்பவும் 48 மணி நேரம் நிறுத்தினோம். கூரை காய்ந்தே இருந்தது. அதன்பிறகுதான் டைல்ஸ் ஒட்டினோம். வெட்டும் வேலை முழுக்க மொட்டை மாடியில்.