அழிந்துபோன மல்லிகை மொட்டுகளை மீட்பது: ஹிஸ்டரி பிரஷ் செய்முறை

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி முடிந்ததும் எடுத்த படம். மணப்பெண் முதுகைக் காட்டி நிற்கிறார், சடை முழுக்க மல்லிகை. பின்னால் வெள்ளையடித்த சுவர். அந்தச் சுவரை போட்டோஷாப் எரேசரால் அழித்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஓரத்துல இருந்த மொட்டெல்லாம் சுவரோட போயிருச்சு. Ctrl+Z அடிச்சா நல்லா அழிச்சதும் திரும்பி வந்துருது."

Ctrl+Z கடைசியாகச் செய்ததிலிருந்து வரிசையாகத்தான் பின்னால் போகும். ஹிஸ்டரி பிரஷ் அப்படியில்லை. நாம் தேய்க்கும் இடத்தில் மட்டும் பழைய நிலையைக் கொண்டுவரும். ஆனால் அதற்கான ஏற்பாட்டை அழிக்கத் தொடங்குமுன்பே செய்துவிட வேண்டும்.

1. படத்தைத் திறந்து Ctrl+J அடியுங்கள். Layer 1 வரும். கீழே உள்ள Background லேயரின் கண்ணை அணைத்துவிடுங்கள்.

2. Window > History திறந்து, அடியிலுள்ள கேமரா பொத்தானை அழுத்துங்கள். Snapshot 1 என்று மேலே ஒரு வரி சேரும். இதைத் தவறவிடாதீர்கள். எரேசரை ஒருமுறை இழுத்து விட்டால் அது ஒரு நிலை. வழக்கமான அமைப்பில் 50 நிலைகள்தான் நிற்கும். பூ ஓரத்தை அழிக்க நூறு இழுப்பாவது ஆகும், அதற்குள் பழைய நிலைகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஸ்னாப்ஷாட் விழாது.

3. Layer 1-க்குக் கீழே புது லேயர் போட்டு அடர் பச்சையால் நிரப்புங்கள். வெள்ளைப் பூவில் எது போயிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு Layer 1-ஐத் தேர்ந்தெடுத்து அழியுங்கள்.

4. மொட்டு போய்விட்டதா? Snapshot 1-க்கு இடப்பக்கம் உள்ள சின்னக் கட்டத்தைச் சொடுக்குங்கள், பிரஷ் படம் அங்கே வந்து உட்காரும். பெயரைச் சொடுக்காதீர்கள்: படம் முழுவதும் அந்த நிலைக்கே போய்விடும், அதன்மேல் ஒரு கோடு போட்டாலும் பிறகு செய்த வேலை எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். தவறிச் சொடுக்கிவிட்டால், வேறெதையும் தொடாமல் கடைசி வரியைச் சொடுக்கித் திரும்புங்கள்.

5. Y அழுத்தி ஹிஸ்டரி பிரஷை எடுத்து, அதை ஒரு மொட்டின் பாதி அளவுக்குச் சுருக்கி, மொட்டின் நடுவிலிருந்து வெளியே தேய்த்து வாருங்கள். சுவரும் கொஞ்சம் சேர்ந்து வந்தால் E அழுத்தி அதை மட்டும் அழிக்கலாம். காதோர மென்முடிக்கு Opacity 40% போதும்.

தம்பி ஸ்னாப்ஷாட் எடுக்கவில்லை. மேலே படத்தின் பெயரில் இருந்த தொடக்க நிலையை வைத்துத் தேய்த்தான், தடை வட்டம்தான் வந்தது. அந்த நிலையில் Layer 1 பிறக்கவே இல்லையே! நல்லவேளை, முப்பது இழுப்புதான் ஆகியிருந்தது. Layer Via Copy என்ற வரி பட்டியலில் இன்னும் இருந்தது, அதன் கட்டத்தைச் சொடுக்கியதும் மொட்டுகள் வந்தன.

நடுவில் கிராப் செய்தாலும் அளவை மாற்றினாலும் இதே தடை வட்டம் வரும். கிராப்பை முதலிலேயே முடித்துவிட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஃபைலை மூடினால் ஸ்னாப்ஷாட்டும் போய்விடும், PSD-யாகச் சேமித்தாலும் நிற்காது. மறுநாள் அந்த மொட்டு வேண்டுமென்றால், கண்ணை அணைத்து வைத்த Background லேயரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.