கீமோ மாத்திரையை வீட்டில் கையாளும்போது செய்யக்கூடாதவை

கீமோ என்றால் ஊசி, டிரிப்ஸ், ஆஸ்பத்திரிக் கட்டில் என்றுதான் பலருக்கும் மனதில் வரும். அதே மருந்து மாத்திரையாகி வீட்டுக்கு வந்துவிட்டால், காய்ச்சல் மாத்திரைக்கு இருக்கிற மரியாதைதான் அதற்கும். நான் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மாத்திரை கொடுக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்ட மகனோ மருமகளோ வந்து சொல்வதைக் கேட்டால், முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகள்தான். வேளை தவறாமல் கொடுங்கள், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பொடித்துக் கொடுப்பது

எத்தனை தடவை சொன்னாலும் நடக்கிறது, எனக்கும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது.

ஒரு பெரியவருக்குக் குடல் புற்றுநோய். கேபசிடபின் 500 மி.கி., காலையில் மூன்று, இரவில் மூன்று, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், 14 நாள் சாப்பிட்டுவிட்டு 7 நாள் இடைவெளி. மாத்திரை நீளமானது, அவருக்குத் தொண்டையில் நின்றது. மருமகள் என்ன செய்தார், மிக்சியின் சின்ன ஜாரில் போட்டுப் பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்துவிட்டார். அடுத்த முறை மருந்து வாங்க வந்தபோது, "பொடி ரொம்பக் கசக்குதாம், தேன்ல குழைக்கலாமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த ஜாரில்தான் சட்னியும் அரைத்திருக்கிறார்கள். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி வேறு.

முழு மாத்திரையின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. உடையாத வரை மருந்து அதற்குள்ளேயே இருப்பதால், ஒரு நொடி விரல் பட்டுவிட்டது என்று பதற வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உடைத்தால் கதையே வேறு. பொடி பறக்கும், மூச்சில் போகும், ஜாரின் ரப்பர் வளையத்தில் போய் உட்காரும், கண்ணுக்கும் தெரியாது. இந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது, அது புற்றுநோய்ச் செல்லா வயிற்றில் வளரும் சிசுவின் செல்லா என்று பார்க்காது. நோயாளிக்கும் நஷ்டம்தான்: ஜாரில் ஒட்டியது போக அவர் வயிற்றுக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்றே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னோம், மாத்திரைப் பொறுப்பு கணவர் கைக்குப் போனது. அந்த ஜாரைத் தூக்கிப் போடச் சொன்னோம்.

விழுங்க முடியவில்லை என்றால் முதல் வேளையிலேயே போன் செய்யுங்கள். கேபசிடபினில் 150 மி.கி. சின்ன மாத்திரையும் இருக்கிறது, 1500 மி.கி.க்குப் பத்து மாத்திரை ஆகும், ஆனால் தொண்டையில் நிற்காது. சில மருந்துகளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வதும் உண்டு, அதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு மெர்காப்டோப்யூரின் அரை மாத்திரை எழுதியிருந்தால், உடைக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மாத்திரையாகக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், வாரக் கணக்கில் பெரும்பாலும் சரிசெய்து தருவார்.

கையுறை போட்டதும் பயம் போய்விடுவது

கையுறையோடு ஸ்ட்ரிப்பைப் பிரித்து, அதே கையோடு போனை எடுத்து, கதவைத் திறந்து, தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கையுறை போட்டு என்ன பயன்? மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை வாங்குங்கள், தலைச்சாயப் பெட்டியில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம். தண்ணீரை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மாத்திரையை இதற்கென்றே வைத்த ஒரு சின்னக் கிண்ணத்தில் பிதுக்கிக் கொடுத்துவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். ஒரு ஜோடி ஒரு வேளைக்குத்தான், கழுவிக் காயப்போடுகிற வேலை வேண்டாம். நோயாளி தானே எடுத்துச் சாப்பிட்டால் அவருக்குக் கையுறை தேவையில்லை, சாப்பிட்டபின் கை கழுவினால் சரி.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கையுறை போட்டுக்கொண்டுகூடத் தொட வேண்டாம். வேறு ஆள் பாருங்கள்.

பிரஷர் மாத்திரையோடு ஒரே டப்பாவில்

வேண்டாம். வந்த பெட்டியிலேயே இருக்கட்டும், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், அடுப்படியிலும் குளியலறையிலும் அல்ல. பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் பிரிட்ஜ்.

தரையில் சிந்தினால் ஊதுவது, பெருக்குவது

ஃபேனை நிறுத்துங்கள். கையுறையோடு ஈரக் காகிதத்தால் துடைத்து, கவரில் போட்டுக் கட்டுங்கள்.

வாந்தியையும் துணியையும் மறந்துவிடுவது

மருந்து உடம்பைவிட்டு வெளியேறும்போதும் சிறுநீரில், மலத்தில், வாந்தியில் கொஞ்சம் இருக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 48 மணி நேரமாவது இதைக் கவனியுங்கள், சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதல். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது, தெறிக்காது. மூடியை மூடிவிட்டு இரண்டு முறை ஃப்ளஷ். அழுக்கான விரிப்பைக் கையுறையோடு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். மாத்திரை சாப்பிட்டதும் வாந்தி எடுத்துவிட்டார் என்று இன்னொன்று கொடுக்காதீர்கள், எங்களைக் கேளுங்கள்.

மிச்ச மாத்திரை

குப்பையிலும் இல்லை, கழிப்பறையிலும் இல்லை. ஸ்ட்ரிப்போடு மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.