ஒரே படத்தில் விளக்கு, கம்பளம், திரைச்சீலை: தனித்தனியாகத் தேடி, குறைந்த செலவில் வாங்குவது

இணையத்தில் பார்த்த ஒரு ஹோல் படம் பிடித்துப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். மேலே பிரம்பு விளக்கு தொங்குகிறது, சோபாவுக்கு முன்னால் சணல் கம்பளம், ஜன்னலில் தரை வரை வெளிர்நிறத் திரைச்சீலை. முழுப் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டால் அதே மாதிரி ஹோல்கள்தான் வரிசையாக வரும். பொருட்களைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும்.

படி 1: வெட்டித் தேடுங்கள். படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து லென்ஸில் திறந்து, தேர்வுக் கட்டத்தின் மூலைகளை இழுத்து விளக்கை மட்டும் உள்ளே வையுங்கள். பின்னால் உள்ள சுவரும் ஜன்னலும் எவ்வளவு குறைகிறதோ, முடிவு அவ்வளவு சரியாக வரும். கம்பளத்துக்கு மாறாகச் செய்ய வேண்டும். முழுக் கம்பளத்தையும் எடுத்தால் அதன்மேல் நிற்கும் மேசைதான் பிடிபடும். கால்கள் இல்லாத, பின்னல் தெளிவாகத் தெரியும் ஒரு துண்டே போதும்.

முடிவில் வரும் கடைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடைகளாக இருக்கும். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அங்கே நமக்கு வேண்டியது பொருளின் பெயர்தான். இரண்டு மூன்று முடிவுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, உள்ளூர் இணையக் கடைகளில் அவற்றையே தட்டச்சு செய்யுங்கள்:

```
rattan pendant light E27
jute rug braided
linen curtain eyelet
```

படி 2: அளவைப் படத்திலிருந்தே எடுங்கள். மூன்று பேர் இருக்கும் சோபா பொதுவாக 6 முதல் 7 அடி நீளம். கம்பளத்தை அதோடு ஒப்பிடும்போது சோபாவின் முன்கால்கள் நிற்கும் கோட்டில் பாருங்கள். கமராவுக்குக் கிட்ட இருக்கும் ஓரம் எப்போதும் பெரிதாகவே தெரியும். அந்த ஓரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் பெரிய கம்பளத்துக்குக் காசு கொடுப்பீர்கள்.

படி 3: மாற்றுப் பொருள். விளக்குக்குப் பிரம்புக் கூடை ஒன்று, E27 திருகு ஹோல்டர், வயர் ஆகியவை போதும். பின் வைத்த பல்ப் திருகு ஹோல்டரில் ஏறாது, இரண்டையும் ஒன்றாகவே வாங்குங்கள். பிரம்பு சூடு தாங்காது. 7 அல்லது 9 வாட் எல்இடிக்கு மேல் போக வேண்டாம். வயர் வேலையை மின்வினைஞரிடம் விடுங்கள். படத்தில் உள்ள மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் பல்ப் பெட்டியில் 2700K அல்லது 3000K என்று இருக்க வேண்டும். 6500K வெள்ளை பல்ப் போட்டால், எல்லாம் சரியாக வாங்கியும் அறை படத்தில் உள்ளதுபோல இராது.

சணல் கம்பளத்துக்குப் பதில் நம் பக்கத்துப் பன்பாய் நன்றாகவே பொருந்தும். டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் வலை விரியுங்கள். சணலோ பன்னோ, மாரிமழைக் காலத்தில் தரையோடு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடிக்கடி தூக்கிக் காயவிட வேண்டும்.

திரைச்சீலையில்தான் லென்ஸ் அதிகம் தடுமாறும். வெறும் துணியில் அதற்குப் பிடிபட ஒன்றுமில்லை. அதனால் நீங்களே பாருங்கள்: தலைப்பில் வளையமா, மடிப்பா, கம்பி நுழையும் பையா? வெளிச்சம் ஊடுருவுகிறதா? இவை தெரிந்தால் தைப்பதே மலிவு. மருதமுனைக் கைத்தறித் துணியும் இதற்கு நன்றாக விழும்.

கணக்கு இப்படி. ஜன்னல் 4 அடி அகலம் என்றால், இருபக்கமும் அரை அடி விட்டுக் கம்பி 5 அடி. மடிப்பு அழகாக விழ அதில் இரண்டு மடங்கு, 10 அடி அகலத் துணி வேண்டும். 45 அங்குல அகலத் துணியில் அது மூன்று பாகம். கம்பியிலிருந்து தரைக்கு 7 அடி, அதாவது 84 அங்குலம். தலைப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6, பருத்தி சுருங்குவதற்கு 5 சேர்த்தால் 99. மூன்று பாகத்துக்கு 297 அங்குலம், எட்டரை யார் வாங்கினால் போதும். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். தைத்தபின் சுருங்கினால் சீலை தரையிலிருந்து எழும்பி நிற்கும். மூன்றாவது பாகத்தை நெடுக்காக இரண்டாக வெட்டி, இரு சீலைக்கும் ஒவ்வொன்று இணைத்துவிடலாம்.

நிறத்தை மட்டும் படத்தை நம்பி எடுக்காதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியும் சந்தன நிறமாகத் தெரியும். படத்தில் உள்ள சுவிட்ச் பலகையைப் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் சீலை பெரும்பாலும் வெள்ளைதான். கடையில் கால் யார் துணி மட்டும் வாங்கி, புதிய பல்பை எரியவிட்டு, இரவில் ஜன்னலில் பிடித்துப் பார்த்தபின் மீதியை எடுங்கள்.