விசிட்டுக்கும் விசிட்டுக்கும் நடுவே போன நேரம்

இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஹோம்கேர் ஏஜென்சிகளுக்குப் பேரோல் பார்ப்பது என் வேலை. 2025-இல் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் எக்செல் ஷீட்டைக் காட்டி, "அண்ணா, மணிக்கு 13 பவுண்டு கொடுக்கிறோம். குறைந்தபட்ச கூலி 12.21 தானே? நமக்குப் பிரச்சினை இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால், தொகை மட்டும் வேறாக, இதே வாக்கியத்தை நானும் சொன்னவன்தான்.

கையெழுத்து விட்டுப்போவது, தேதி மாறிப்போவது மாதிரியான தவறுகள் தானாகவே தெரிந்துவிடும். தெரியாமலே வருஷக்கணக்கில் ஓடுகிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## விசிட் நேரத்தை மட்டும் வேலை நேரமாக எண்ணுவது

கேரர் ஒருவர் எத்தனை நிமிஷம் யார் வீட்டில் இருந்தார் என்பது மென்பொருளில் அழகாகப் பதிவாகியிருக்கும். உள்ளாட்சி கவுன்சிலும் அந்த நிமிஷத்துக்குத்தான் பணம் தருகிறது. அதனால் அந்த நிமிஷங்களைக் கூட்டி, மணிக்கூலியால் பெருக்கினால் சம்பளம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். பெருக்கலில் தவறில்லை. குறைந்தபட்ச கூலிச் சட்டம் பார்ப்பது வகுத்தலை. ஒரு சம்பளக் காலத்தில் கொடுத்த மொத்தப் பணத்தை, அந்தக் காலத்தில் வேலையாகக் கணக்கிடப்படும் மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் குறைந்தபட்ச கூலிக்குக் கீழே இருக்கக் கூடாது. கீழே போடும் அந்த மணி நேரத்தில் விசிட் மட்டும் வராது. 2015-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச கூலி விதிகளின்படி, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் அதில் சேரும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கிற ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரர் அக்கா 6.35-க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். 7.00 முதல் 7.45 வரை முதல் வீடு. 15 நிமிஷம் கார் ஓட்டி, 8.00 முதல் 8.30 வரை இரண்டாவது வீடு. அங்கிருந்து 20 நிமிஷம். 8.50-க்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மூன்றாவது வீட்டுத் தாத்தா 9 மணிக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார். 10 நிமிஷம் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். 9.00 முதல் 9.45 வரை அங்கே. இன்னொரு 20 நிமிஷப் பயணம், 10.05 முதல் 10.50 வரை நான்காவது வீடு. பிறகு தன் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, 12.30-க்கு ஒரு மதிய விசிட் அரை மணி, 15 நிமிஷப் பயணம், 1.15-க்கு இன்னொன்று அரை மணி. அதோடு வீடு.

விசிட் நேரம் மட்டும் 3 மணி 45 நிமிஷம். 13 பவுண்டு வீதம் 48.75 பவுண்டு பேஸ்லிப்பில் வரும். இனி நடுவில் போனதைக் கூட்டுவோம். பயணம் 15, 20, 20, 15, ஆக 70 நிமிஷம். தாத்தா வீட்டு வாசலில் காத்திருந்த 10 நிமிஷத்தையும் சேர்த்தால் 80. ஆகவே சட்டம் எண்ணும் வேலை நேரம் 5 மணி 5 நிமிஷம். 48.75-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 9.59 பவுண்டு. 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு, 21 வயது நிரம்பியவர்களுக்கான குறைந்தபட்சம் 12.21. அந்தக் கணக்கில் அன்றைக்கு 62.07 பவுண்டு வந்திருக்க வேண்டும். ஒரே நாளில் 13.32 பவுண்டு குறைவு. மாதத்தில் இப்படி 22 நாள் என்றால் 293 பவுண்டு. விசிட் நேரத்துக்கு மட்டும்தான் கூலி தருவேன் என்றால், யார் எப்போது எந்த வீட்டுக்குப் போவது என்று போட்ட இந்த ரோட்டாவுக்கு மணிக்கு 16.56 பவுண்டு கொடுத்தால்தான் தப்பிக்க முடியும். தம்பியிடம் இதைப் போட்டுக் காட்டியதும் ஷீட்டை மூடிவிட்டு, டீ போடப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. பயணத்துக்குத் தனி வரியில் காசு போடாவிட்டாலே சட்டமீறல் என்று சில கேரர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒப்பந்தத்தில் பயணக் கூலி எழுதியிருந்தால் அது தனி உரிமை. எழுதாவிட்டால், மாத மொத்தத்தை வகுத்து வரும் எண் குறைந்தபட்சத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. வீடுகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்தால் தாண்டிவிடும். கிராமம் கிராமமாகச் சிதறியிருந்தால் தாண்டாது. அதனால் ஒரே ஏஜென்சியில், ஒரே மணிக்கூலியில், ஒரு கேரருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் இருக்கலாம். சராசரி ஆளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சரி என்று விடுவதுதான் நான் செய்த பிழை.

அதற்கு வரித்துறையான ஹெச்எம்ஆர்சி-யிடமிருந்து கடிதம் வந்தது. வந்த அதிகாரி அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "பயண நேரப் பதிவைக் காட்டுங்கள்" என்றார். எங்களிடம் இல்லை. நேரத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும், கேரர் அல்ல; கூலி குறைவாகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் வைத்துக்கொள்கிறது. அஞ்சல் குறியீடுகளை வைத்து ஒவ்வொரு நாளையும் மறுபடி கட்டியெழுப்ப மூன்று பேர் ஆறு வாரம் உட்கார்ந்தோம். பாக்கியைப் பழைய விகிதத்தில் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. இன்றைய விகிதம் கூடுதலாக இருந்தால் அதன்படிதான் கணக்கு. அதற்கு மேல் பாக்கியில் 200 சதவீதம் அபராதம், ஆளுக்கு 20,000 பவுண்டு உச்சவரம்பு. 14 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். நாங்கள் பதின்மூன்றாவது நாள் கட்டினோம். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

இந்தத் தவறு நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஷீட்டே வேண்டாம், ரோட்டாவைப் பார்த்தால் போதும். ஒரு விசிட் 8.30-க்கு முடிந்து, மூன்று மைல் தள்ளி அடுத்தது அதே 8.30-க்குத் தொடங்கினால், அந்தப் பயணம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஒன்று கேரரின் பையிலிருந்து போகிறது, இல்லையென்றால் அரை மணி விசிட் 22 நிமிஷமாகச் சுருங்கி, படுக்கையில் இருக்கும் பாட்டியின் கணக்கில் போகிறது. மென்பொருள் தரும் பயண நேரத்தையும் நம்பாதீர்கள். சில மென்பொருள்கள் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கின்றன. நடுவில் ஆறு ஓடும்.

## வீட்டிலிருந்து முதல் விசிட்டுக்கு

குறைந்தபட்ச கூலிக் கணக்கில் வராது. கடைசி விசிட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்புவதும் அப்படியே. நம் அக்கா 10.50-க்கு வீட்டுக்குப் போய் வந்த நேரத்தை மேலே சேர்க்காததும் அதனால்தான்.

## பெட்ரோல் காசைக் கூலியில் சேர்ப்பது

சேர்க்கக் கூடாது. மைலுக்குக் கொடுப்பது செலவுக்கான ஈடு. கொடுக்காமல் விட்டால் இன்னும் மோசம்: கேரர் கையிலிருந்து போன பெட்ரோல் செலவு கூலியிலிருந்து கழிக்கப்படும்.

## காத்திருப்பை எல்லாம் ஓய்வாக எழுதுவது

பயணத்தின் முடிவில் வேலை தொடங்கக் காத்திருக்கும் நேரம் வேலை நேரம். காரில் உட்கார்ந்த 10 நிமிஷம் அதில் வரும். நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் வரத் தாமதமாகி, "அங்கேயே இரு" என்று ஆபீஸ் சொன்னால் அந்த 40 நிமிஷமும் வரும். உண்மையான ஓய்வு இடைவேளை என்றால் வராது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அந்த நேரத்தில் அவர் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தால் யாராவது திட்டியிருப்பார்களா? சட்டத்தில் இப்படி எழுதியில்லை, ஆனால் ரோட்டா போடும்போது உதவும். பத்து இருபது நிமிஷத் துண்டுகளை "இடைவேளை" என்று பெயர் மாற்றி எழுதும் ரோட்டாக்களை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

## ஆன்-காலை ஒரே அளவுகோலால் அளப்பது

ஆன்-கால் என்றால், கூப்பிட்டால் வேலை செய்யத் தயாராக இருக்கும் நேரம். இங்கேதான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். நேரத்தை அளக்க இங்கே இரண்டு கோல்கள் உண்டு. ஒன்று கூலிக்கு. இன்னொன்று 1998-ஆம் ஆண்டின் வேலை நேர விதிகள். வாரத்துக்குச் சராசரி 48 மணி நேர வரம்பும், நாளுக்கு 11 மணி நேர ஓய்வும் அதில்தான் வருகின்றன. ஒரே இரவு ஒரு கோலில் வேலை, மற்றதில் இல்லை.

ஸ்லீப்-இன் ஷிப்டை எடுத்துக்கொள்வோம். கேரர் இரவு 10 முதல் காலை 7 வரை நோயாளி வீட்டிலேயே படுக்கிறார். தேவைப்பட்டால் எழுவார். மென்கேப் என்ற தொண்டு நிறுவனத்தின் மீது ஒரு கேரர் போட்ட வழக்கில் அப்படித்தான் இருந்தது. இரவுக்குக் கொடுத்தது மொத்தம் 29.05 பவுண்டு. 16 மாதத்தில் அந்தக் கேரர் எழ வேண்டியிருந்தது ஆறே முறை. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தூங்குவதற்கென்று ஏற்பாடு செய்த ஷிப்டில், வேலைக்காக விழித்திருக்கும் நேரம் மட்டுமே குறைந்தபட்ச கூலிக் கணக்கில் வரும். ஆனால் 2003-இலேயே ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியின் கீல் நகரில் ஆஸ்பத்திரி அறையில் கட்டில் கொடுக்கப்பட்டுப் படுத்திருந்த டாக்டர் வழக்கில், அங்கே இருந்த நேரம் முழுவதும் வேலை நேரம் என்று சொல்லிவிட்டது. அது ஓய்வுக்கும் வரம்புக்குமான தீர்ப்பு, கூலிக்கானது அல்ல.

இதைக் கலந்துவிட்டால் இரண்டு பக்கமும் அடிபடும். "தூங்கினதுக்குக் கூலிக் கணக்கு இல்லையே" என்று ஒரே கேரருக்கு வாரத்துக்கு ஐந்து ஸ்லீப்-இன்னும் பகல் ஷிப்டும் போட்ட, ரோட்டா பார்க்கும் கோஆர்டினேட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். 48 மணி நேரத்தை அந்தக் கேரர் எப்போதோ தாண்டிவிட்டிருந்தார். இன்னொருவர் நேர்மாறு: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, கேரர் இரண்டரை மணி நேரம் விழித்து படுக்கை மாற்றியதை எங்கும் எழுதவில்லை. அந்த இரண்டரை மணி கூலிக் கணக்கில் முழுசாக வரும். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய ஷிப்ட் என்றால் எல்லா மணியும் வரும். அதற்கு ஸ்லீப்-இன் என்று பெயர் வைத்தாலும் வரும்.

வீட்டிலேயே ஆன்-கால் போனை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு, சும்மா காத்திருக்கும் நேரம் கூலிக் கணக்கில் வராது. போன் அடித்து, எந்தக் கேரர் வரவில்லை, யாரை மாற்றி அனுப்புவது என்று பேசிய நிமிஷங்கள் வரும். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 31 கால்கள் எடுத்த ஒரு கோஆர்டினேட்டருக்கு 50 பவுண்டு ஆன்-கால் படி மட்டும் போட்டிருந்தது ஒரு ஷீட்டில். போனின் கால் பதிவை எடுத்துக் கூட்டினோம். 6 மணி 20 நிமிஷம்.

இந்தப் பதிவுகளையெல்லாம் ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலுக்கு முன்னால் மூன்று வருஷம்தான் இருந்தது, பல ஆபீஸ்களில் இன்னும் அதே பழக்கத்தில் அழிக்கிறார்கள். தம்பி டீயோடு திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, "பழைய ரோட்டாவெல்லாம் எங்கே அண்ணா இருக்கு?" என்பதுதான்.