"வாங்குவீங்களா?" என்று கேட்காதீர்கள்

நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவி செய்து விற்க நினைக்கிறீர்களா? மன்னார்குடிப் பக்கம் ஒரு விவசாயியிடம், "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களாண்ணே?" என்று கேட்டால் "கண்டிப்பா தம்பி" என்பார். நம் மனம் நோகக்கூடாதே என்று சொல்லும் பதில் அது. கணக்கில் சேர்க்காதீர்கள்.

"போன குறுவையில கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னு திருப்பிவிட்டாங்களா? அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கே பேச வேண்டாம். "ரோட்டுல கொட்டி மூணு நாள் காயவெச்சேன், கிளறிவிட ரெண்டு ஆளு, ராத்திரி தார்ப்பாய் போட்டுக் காவல்" என்று வந்தால், அவர் சிரமம் ஈரத்தை அளப்பதில் இல்லை, காயவைப்பதில்தான். நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்கிறவர் அவர்! பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதே கதையை, கைக்காசு எவ்வளவு போனது என்ற விவரத்தோடு சொன்ன பிறகு உலர்த்தியைப் பற்றி யோசிக்கலாம்.